மொய் வருமானம் அல்ல: மகள் திருமணத்துக்கு 7 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஆலங்குடி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் எழுத்தராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 48,000 ரூபாய். தை மாதம் மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளை வீடு திருப்பூர், எங்களுக்குப் புதுச் சம்பந்தம். நகை எடுத்தாகிவிட்டது, கையில் 9 லட்சம் இருக்கிறது. அண்ணன் மகன் திருமணத்துக்குக் குறையாமல் செய்தால் 16 லட்சம் ஆகும் (பட்டியல் இணைத்துள்ளேன்). 7 லட்சம் தனிநபர் கடன் வாங்கு, 6 லட்சம் மொய் வரும், அடைத்துவிடலாம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நான் மற்றவர்களுக்கு எழுதி இன்னும் திரும்பாத மொய் 3.5 லட்சம். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், ஐயா. ஏன் என்பதை உங்கள் மொய் நோட்டிலிருந்தே சொல்கிறேன்.

வருமென்று சொல்லப்படும் 6 லட்சத்தை இரண்டாகப் பிரியுங்கள். 3.5 லட்சம் நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவைத்த உங்கள் பணம். மீதி 2.5 லட்சம் அன்று பந்தலில் நீங்கள் வாங்கும் புதுக் கடன். அதற்குப் பத்திரமோ வட்டியோ கிடையாது. ஆனால் யார், எவ்வளவு என்று இரண்டு வீட்டு நோட்டிலும் இருக்கும். நீங்கள் ஆயிரம் எழுதிய வீடு ஆயிரத்து ஐந்நூறு எழுதினால், ஆயிரத்தோடு பழைய கணக்கு தீர்ந்தது. ஐந்நூறு புதுக் கணக்கு. அதை அவர்கள் வீட்டு விசேஷத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டித் திருப்ப வேண்டும். 2.5 லட்சம் எட்டு ஆண்டுகளில் திரும்புவதாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 31,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதுவும் மாதாமாதம் சீராகப் போகாது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே வாரத்தில் நான்கு பத்திரிகைகள் வந்து நிற்கும்.

பழைய பணமும் முழுதாக வரும் என்று நம்பிவிடாதீர்கள். மொய் விருந்துக்குப் பேர்போன பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்துக்கு அருகிலேயே இருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னை சாய்ந்த வீடுகளால் எழுத வேண்டிய மொய்யை உடனே எழுத முடியவில்லை. ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லை, கையில் பணம் இல்லை. மொய் வருவது, கொடுப்பவரின் அந்த ஆண்டு விளைச்சலைப் பொறுத்தது. வங்கித் தவணையோ மாதம் தவறாமல் வரும். 7 லட்சத்தை 14 சதவீத வட்டியில் நான்கு ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 19,100 ரூபாய், மொத்த வட்டி 2.18 லட்சம். சம்பளத்தில் நாற்பது சதவீதம் போய்விடும்.

இனி, அண்ணன் மகன் திருமணத்துக்குக் குறையக்கூடாது என்ற எண்ணம். இதை வீண் பெருமை என்று நான் தள்ளமாட்டேன். பிறர் பார்க்கச் செலவழித்துத் தகுதியை நிலைநாட்டுவதைப் பகட்டு நுகர்வு என்று 1899-லேயே எழுதினார் அமெரிக்கச் சிந்தனையாளர் தோர்ஸ்டீன் வெப்ளன். ஆனால் அவர் முதன்மையாகப் பேசியது செல்வந்தர்களைப் பற்றி. நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்துவது, பொருளாதார அறிஞர் விஜயேந்திர ராவும் அவருடைய சக ஆய்வாளர்களும் கர்நாடகக் கிராமங்களில் குயவர் குடும்பங்களிடம் கண்டறிந்தது. உள்ளூரில் பெண் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டின் தரம் ஊருக்கே தெரியும். வெளியூரில் கொடுக்கும்போது, நல்ல இடத்தில்தான் சம்பந்தம் வைத்திருக்கிறோம் என்று ஊருக்கு அறிவிக்கும் வேலையைத் திருமணச் செலவு செய்கிறது. திருவிழாச் செலவைப் பற்றி ராவ் தனியாக எழுதியதில், அதிகம் செலவிடும் குடும்பங்களுக்கு மதிப்பு கூடுகிறது, பிறர் வீட்டு விருந்துகளுக்கு அழைப்பும் கூடுகிறது என்று காட்டினார். ஆகவே இந்தச் செலவுக்குப் பலன் உண்டு. உங்கள் சம்பந்தமும் வெளியூர், புதிது. ஊருக்குத் திருப்பூர்க்காரர்களை அறிமுகப்படுத்த வேண்டும் என்பது நியாயமான தேவை.

அந்த வேலையை எந்தச் செலவு செய்கிறது என்று உங்கள் பட்டியலைப் பார்த்தேன். ஆயிரம் இலைச் சாப்பாட்டுக்கு 5 லட்சம் போட்டிருக்கிறீர்கள். அதில் கை வைக்காதீர்கள். சம்பந்தி வீட்டாரும் உங்கள் ஊரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பேசுவது அங்கேதான். பரிமாறியதில் குறை வைத்தால் பத்து ஆண்டு பேசுவார்கள். மேடை அலங்காரத்துக்கு 2.5 லட்சம், ட்ரோனோடு புகைப்படத்துக்கு 1.5 லட்சம், செண்டை மேளம், வாணவேடிக்கை, பிளெக்ஸ் பேனருக்கு ஒரு லட்சம் என்று இருப்பதோ வேறு வகை. சென்ற ஆண்டு ஒருவர் செய்ததைவிட ஒரு படி மேலே போனால்தான் இவை கண்ணில் படும். உங்கள் அண்ணன் வைத்த பேனரைவிடப் பெரியதை வைத்தால், அடுத்த முகூர்த்தத்திலேயே இன்னொருவர் உங்களுடையதைத் தாண்டிவிடுவார். நாதஸ்வரம் போதும். அலங்காரத்தை 80,000-க்கும், படத்தை 70,000-க்கும், மேளச் செலவை 20,000-க்கும் இறக்குங்கள். துணியிலும் தாம்பூலப் பையிலும் மண்டபத்திலும் சேர்த்து 1.9 லட்சம் பிடித்தால் மொத்தம் 10.8 லட்சத்தில் நிற்கும்.

இதில் உங்களுக்குத் தயக்கம் வரும் இடம் அண்ணன் வீடு. கிண்டல் அங்கிருந்து வரக்கூடும் என்று உங்கள் கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. அண்ணனிடம் முன்கூட்டியே நீங்களே போய்ச் சொல்லுங்கள்; பந்தியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். பொறுப்பெடுத்தவர் குறை சொல்வதில்லை.

பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டும். திருமணம் தையில் முடிந்தால் ஆடிச் சீர், தலை தீபாவளி, தலைப் பொங்கல் மூன்றும் ஓராண்டுக்குள் வந்துவிடும். அவற்றின் அளவைத் தீர்மானிப்பது திருமணத்தின் அளவுதான். 16 லட்சத் திருமணம் நடத்தியவர் தலை தீபாவளிக்கு வேட்டி சேலையோடு நிறுத்திக்கொள்ள முடியாது, மோதிரமாவது எதிர்பார்ப்பார்கள். சிக்கனமாகத் திருமணம் செய்தவருக்கு அந்த நெருக்கடி குறைவு. இந்த மூன்றுக்கும் 1.5 லட்சம் தனியே ஒதுக்குங்கள். மாப்பிள்ளை வீட்டார் இவ்வளவு வேண்டும் என்று கேட்டால் அது சீர் அல்ல, வரதட்சணை. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஆக, தேவை 12.3 லட்சம், கையில் 9 லட்சம். இடைவெளி 3.3 லட்சம். சீருக்கான ஒன்றரை லட்சம் தையில் தேவைப்படாது என்பதால், திருமண நாளுக்கு உண்மையில் குறைவது 1.8 லட்சம்தான். சமையல்காரருக்கும் மண்டபத்துக்கும் மறுநாள் காலையே கணக்கு முடிக்க வேண்டியிருக்கும், மொய்யை எண்ணி முடிக்கும் வரை அவர்கள் காத்திருக்கமாட்டார்கள். அதற்கு 2 லட்சம் மட்டும் வங்கியில் நகைக்கடன் எடுங்கள். மகளுக்கு எடுத்த நகையைத் தொடாமல், வீட்டில் இருக்கும் பழைய நகையை வையுங்கள். இடையில் அடைத்தால் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் 3.5 லட்சத்தில் 60 சதவீதம் வந்தாலே 2.1 லட்சம். அந்த வாரமே நகையை மீட்டுவிடலாம். அதற்குமேல் வரும் பழைய மொய் சீருக்குப் போகட்டும்.

புதிதாக வரும் மொய்யை மட்டும் செலவழிக்காதீர்கள். தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, பத்திரிகை வரும்போது அதிலிருந்தே எழுதுங்கள். எழுத உட்காருபவரிடம் பழைய நோட்டைக் கொடுத்து, திரும்பியதற்கு ஒரு பத்தி, புதிதுக்கு ஒரு பத்தி என்று அன்றே பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்துப் பிரிக்க உட்கார்ந்தால் பாதிப் பெயர் நினைவில் இருக்காது.