பருப்புப் பொடிப் பையில் நிலக்கடலைப் பொடி: திரும்பப் பெறும் அறிவிப்பில் என்ன எழுதலாம்?

கேள்வி: "கொழிஞ்சாம்பாறை பக்கம் வீட்டை ஒட்டிச் சின்னதாகப் பொடி யூனிட் நடத்துகிறேன். பாலக்காடு, பொள்ளாச்சி கடைகளுக்கும் வாட்ஸ்அப் ஆர்டரிலும் விற்கிறோம். மார்ச் 12-ஆம் தேதி பேக் செய்த பருப்புப் பொடிப் பைகள் சிலவற்றில் நிலக்கடலைப் பொடி போய்விட்டது. எத்தனை பை என்று தெரியவில்லை. ஒரு வாடிக்கையாளரின் பையனுக்கு உதடு வீங்கி, ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். இன்ஸ்டாகிராமில் அறிவிப்புப் போடப் போகிறேன். தப்பை ஒத்துக்கொண்டு எழுதினால் அதுவே கேஸில் எனக்கு எதிராகத் திரும்புமா? எங்கள் பையில் 'நிலக்கடலையும் கையாளப்படும் இடத்தில் தயாரானது' என்று ஏற்கெனவே போட்டிருக்கிறோமே, அது போதாதா வக்கீல் ஐயா?"

பதில்: போதாது. முந்தைய அரைப்பில் மெஷினில் ஒட்டியிருந்த தூள் தவறிக் கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கைதான் அந்த வரி. உங்கள் பைக்குள் இருப்பது முழுக்க நிலக்கடலைப் பொடி. 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகளில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருட்களின் பட்டியல் இருக்கிறது. நிலக்கடலை அதில் ஒன்று. அது சேர்மானமாக இருந்தால் லேபிளில் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விற்றால் அது தவறான லேபிள் இட்ட உணவு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, தவறான லேபிள் இட்ட உணவையும் பாதுகாப்பற்ற உணவு என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே "பொடி கெட்டுப் போகவில்லை, லேபிள்தான் மாறிவிட்டது" என்ற வாதம் நிற்காது.

ஒத்துக்கொண்டு எழுதலாமா என்று தயங்குவது புரிகிறது. ஆனால் காரணத்தைச் சொல்வதா வேண்டாமா என்ற முடிவைச் சட்டம் உங்கள் கையில் விடவில்லை. தான் தயாரித்த உணவு சட்டப்படி இல்லை என்று நம்பக் காரணம் இருந்தால், உடனே அதைச் சந்தையிலிருந்தும் வாங்கியவர்களிடமிருந்தும், காரணத்தைச் சொல்லித் திரும்பப் பெற வேண்டும், அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 28-ஆம் பிரிவு. "சில காரணங்களால் திரும்பப் பெறுகிறோம்" என்று மழுப்பினால் அந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது. நடந்ததை நடந்தபடி எழுதினால் அது வழக்கில் சான்றாக வரலாம், உண்மைதான். ஆனால் அந்த உண்மை ஏற்கெனவே பைகளுக்குள் இருக்கிறது. எந்த ஆய்வகமும் அதைக் கண்டுபிடித்துவிடும். அறிவிப்பைத் தள்ளிப்போட்டு, இடையில் இன்னொரு குழந்தை அதைச் சாப்பிட்டால், அப்போது உங்கள் நிலை பல மடங்கு மோசமாகும்.

எழுத வேண்டியது நடந்த செயலை. அதற்குச் சட்டப் பெயர் சூட்டுவது உங்கள் வேலை இல்லை. "பருப்புப் பொடிப் பையில் நிலக்கடலைப் பொடி அடைக்கப்பட்டுள்ளது" என்பது நடந்த செயல். "எங்கள் அலட்சியத்தால்", "முழுப் பொறுப்பும் எங்களுடையதே, எந்த நஷ்டஈடும் தருவோம்" என்பவை தீர்ப்பாக ஒலிக்கும் சொற்கள், விட்டுவிடுங்கள். அதே அளவுக்கு "யாருக்கும் ஆபத்து இல்லை", "முன்னெச்சரிக்கையாக மட்டும்" என்பவையும் கூடாது. ஒரு பையன் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு அவை பொய்யாகிவிடும். வருத்தம் தெரிவிப்பதில் தவறே இல்லை. அந்தப் பையனைப் பற்றி மட்டும் அறிவிப்பில் எதுவும் வேண்டாம். பெற்றோருடன் தனியாகப் பேசுங்கள், சிகிச்சைச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

எந்தப் பைகள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். எத்தனை பையில் மாறியது என்று தெரியாதபோது "சில பைகள்" என்று எழுத முடியாது. அன்றைய பேட்ச் முழுவதும் திரும்ப வர வேண்டும். 200 கிராம் பை 240 என்று வைத்துக்கொள்வோம். 62 உங்கள் அறையில், 96 கடைகளில், 82 நேராக வீடுகளுக்கு என்றால், இந்த மூன்றும் கூட்டினால் 240 வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ ஒரு கடையை மறந்திருக்கிறீர்கள். அன்றே நிலக்கடலைப் பொடிக்கும் அதே பேட்ச் எண்ணை அடித்திருந்தால், அறிவிப்பில் பேட்ச் எண் மட்டும் போதாது, பையின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த நிலக்கடலைப் பைகளையும் திறந்து பாருங்கள். மாற்றம் இரண்டு பக்கமும் நடந்திருக்கலாம்.

இதோ அறிவிப்பின் வாசகம். விவரங்களை உங்கள் பை பார்த்து நிரப்புங்கள்:

"நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்கவும்: எங்கள் பருப்புப் பொடி, 200 கிராம், பேட்ச் எண் ____ ஐச் சாப்பிட வேண்டாம்.

இந்த பேட்ச்சின் பைகளில் நிலக்கடலைப் பொடி (வேர்க்கடலை, கப்பலண்டி) அடைக்கப்பட்டுள்ளது. லேபிளில் அது குறிப்பிடப்படவில்லை. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது கடுமையான உடல்நலக் கேடு விளைவிக்கலாம். எத்தனை பைகளில் என்று உறுதியாகத் தெரியாததால் பேட்ச் முழுவதையும் திரும்பப் பெறுகிறோம்.

பேக் செய்த தேதி: 12 மார்ச். பேட்ச் எண் பையின் பின்புறம், விலைக்குக் கீழே உள்ளது. விற்ற இடங்கள்: பாலக்காடு, பொள்ளாச்சி கடைகள், எங்கள் வாட்ஸ்அப் ஆர்டர். மற்ற பேட்ச்களில் இந்த மாற்றம் நடந்ததாக இதுவரை தெரியவில்லை. வேறு ஏதாவது தெரிந்தால் இங்கேயே தேதியுடன் எழுதுவோம்.

உங்களிடம் இருந்தால்: பையைத் திறக்க வேண்டாம், வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். வாங்கிய கடையில் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தைப் பெறலாம். ஆர்டர் செய்து வாங்கியவர்கள் பேட்ச் எண் தெரியும் படத்தை ____ எண்ணுக்கு அனுப்பினால், பையை நாங்களே வந்து எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருவோம். பில் தேவையில்லை. திறந்த பைக்கும் இது பொருந்தும்.

சாப்பிட்ட பின் உதடு, முகம் வீங்கினாலோ, மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். பையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பணம் திருப்ப நாங்கள் யுபிஐ பின், ஓடிபி எதுவும் கேட்க மாட்டோம். உணவுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவித்துள்ளோம். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

[நிறுவனப் பெயர், முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், அறிவிப்பின் தேதி]"

முதல் வரியிலேயே பொருள், பேட்ச், ஆபத்து மூன்றும் வந்துவிட்டதைக் கவனியுங்கள். போனில் அதற்குமேல் பலர் திறந்து படிப்பதில்லை. "எங்கள் அன்பான வாடிக்கையாளர்களே" என்று ஆரம்பித்தால் அந்த இடம் வீணாகும். படத்திலும் பையின் முன்புறத்தோடு பேட்ச் எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் படம் மட்டும் பரவும்போது எழுத்து கூடப் போகாது. பாலக்காட்டு வாடிக்கையாளர்களுக்காக மலையாளத்திலும் இதே வாசகம் வேண்டும், அதுவும் அதே பதிவில். ஸ்டோரியாக மட்டும் போட்டால் மறுநாள் மறைந்துவிடும். பதிவாகப் போட்டு பக்கத்தின் உச்சியில் பின் செய்து வையுங்கள். சமூக வலைத்தளம் பார்க்காத பாட்டிமார் வாங்கும் கடைகளுக்கு, அச்சடித்த தாளைக் கல்லாப் பெட்டிக்கு அருகில் ஒட்டச் சொல்லுங்கள்.

"துறைக்குத் தெரிவித்துள்ளோம்" என்ற வரி உண்மையாக இருக்க வேண்டும். ஆகையால் மின்னஞ்சலை முதலில் அனுப்பிவிட்டு, கையோடு பதிவைப் போடுங்கள். 2017-ஆம் ஆண்டின் திரும்பப் பெறும் நடைமுறை விதிமுறைகள் இதற்கு 24 மணி நேரம்தான் தருகின்றன. நீங்கள் கேரளத்தில் தயாரித்து தமிழ்நாட்டிலும் விற்றிருப்பதால், திருவனந்தபுரம், சென்னை இரண்டு இடத்து உணவுப் பாதுகாப்பு ஆணையர்களுக்கும், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்துக்கும் எழுதுங்கள். சித்தூர் சர்க்கிள் உணவுப் பாதுகாப்பு அதிகாரியை நேரில் பார்த்து நகல் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கடைகளின் பெயரும் ஒவ்வொன்றுக்கும் போன எண்ணிக்கையும் அதில் இருக்கட்டும்.

சிறு நிறுவனங்கள் அதிகம் சறுக்குவது பணம் திருப்பும் இடத்தில். "பணம் வாங்கிக்கொண்டேன், இனி புகார் செய்யமாட்டேன்" என்று எழுதி வாங்குவது, கமெண்டை நீக்கினால்தான் பணம் என்பது, இரண்டும் வேண்டாம். ஆபத்தைக் குறைக்க அதிகாரிகளுடன் ஒத்துழைக்கும் யாரையும் தடுக்கவோ தயங்க வைக்கவோ கூடாது என்று அதே 28-ஆம் பிரிவு சொல்கிறது. பையின் விலையைத் திருப்பித் தந்ததால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நஷ்டஈடு கேட்கும் அவர்களின் உரிமையும் போய்விடாது. கமெண்டில் கோபமாகத் திட்டினாலும் அழிக்காமல், உங்கள் எண்ணைக் கொடுத்துத் தனியாகப் பேச அழையுங்கள். உங்கள் பெயரில் போலிக் கணக்கு வந்து "ரீஃபண்ட் லிங்க்" கொடுத்தால் அதை மட்டும் உடனே நீக்குங்கள்.

தண்டனை என்ன வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். தவறான லேபிளுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. உடல்நலம் பாதிக்கப்பட்டவருக்கு 65-ஆம் பிரிவில் நஷ்டஈடு: கொடுங்காயம் இல்லாதபோது 1 லட்சத்துக்கு மிகாமல். காயம் நேர்ந்திருப்பதால் 59-ஆம் பிரிவின் குற்ற வழக்கும் பேச்சுக்கு வரலாம். அதனால் அதிகாரி வாக்குமூலம் கேட்கும் நாளில் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அபராதத் தொகையை முடிவு செய்யும்போது தெரிந்து செய்ததா, திரும்பத் திரும்ப நடந்ததா, யாருக்கு என்ன இழப்பு என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்கிறது 49-ஆம் பிரிவு. தக்க கவனம் எடுத்திருந்தால் அது 80-ஆம் பிரிவில் எதிர்வாதமாகவும் ஆகும். தேதியிட்ட அறிவிப்பு, கடைகளுக்கு அனுப்பிய செய்தி, பணம் திருப்பிய பட்டியல் ஆகியவை தெரிந்தபின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைக் காட்டும். தவறு நடப்பதற்கு முன் எடுத்த கவனத்தைக் காட்ட, பேக்கிங் ரோலை மாற்றும்போது யார் சரிபார்ப்பது என்ற எழுத்துப்பூர்வமான முறை அன்று இருந்ததா என்றுதான் கேட்பார்கள். இருந்திருந்தால் அந்தத் தாளை எடுத்து வையுங்கள். இல்லையென்றால், பழைய தேதி போட்டு ஒன்றைத் தயாரிக்காதீர்கள்.

திரும்பி வந்த பைகளைத் தனி இடத்தில், "விற்பனைக்கு அல்ல" என்று எழுதிப் பூட்டி வையுங்கள். புது ஸ்டிக்கர் ஒட்டி நிலக்கடலைப் பொடியாக விற்கலாமே என்று தோன்றும். அதிகாரியின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் அழிக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். பிரிக்காத பைகள் சிலவற்றை முத்திரையிட்டு வைத்திருந்தால் பின்னால் பரிசோதனைக்கு உதவும்.

240-இல் எத்தனை வந்தது என்ற கணக்கை வாரம் ஒருமுறை ஆணையருக்கு அனுப்புங்கள். அதே எண்ணைப் பதிவின் கீழே தேதியுடன் சேருங்கள். முதல் வாசகத்தைத் திருத்தாதீர்கள். உண்டு தீர்த்த பைகள் திரும்பி வராது. அவற்றை "சாப்பிடப்பட்டது, வாடிக்கையாளர் உறுதி செய்தார்" என்று தனி வரியில் காட்டினால் போதும். பையில் அச்சிட்ட பயன்பாட்டுக் காலம் முடியும் வரை பதிவு உச்சியிலேயே இருக்கட்டும். எந்தக் கடைக்கு எவ்வளவு போனது என்ற விநியோகப் பதிவேட்டை அதற்குப் பிறகும் ஓராண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.