அம்மாவின் கட்டடமும் ஐந்து காசு லாபமும்

கேள்வி: நானும் தம்பியும் குடும்ப முதலில் ஆளுக்கொரு கடை நடத்துகிறோம். என் ஜவுளிக்கடையில் ஆண்டு விற்பனை 90 லட்சம், வட்டிக்கு முந்தைய லாபம் 13.5 லட்சம், ரூபாய்க்கு 15 காசு நிற்கிறது. தம்பியின் மளிகைக்கடையில் விற்பனை 1.8 கோடி, லாபம் 9 லட்சம், 5 காசுதான். என் கடையில் 60 லட்சமும் அவன் கடையில் 20 லட்சமும் முதலாக இருக்கிறது. என் கடை அம்மா பெயரில் உள்ள கட்டடத்தில் இருப்பதால், பக்கத்துக் கடைக்காரரைப் போல மாதம் 60,000 வாடகை கட்டும் தொல்லை எனக்கில்லை. அம்மா மருந்துக்குக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். தம்பி 25,000 வாடகை கட்டுகிறான். அவனும் மனைவியும் விடியற்காலையிலிருந்து உழைத்தும் இவ்வளவுதான். மளிகையை மூடிவிட்டு அந்த 20 லட்சத்தையும் ஜவுளியில் போடலாம் என்கிறேன். சரிதானே?
வாசகர், திண்டுக்கல்

பதில்: "கேட்டால் கொடுத்துவிடுகிறேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுக்க எண்கள் இருந்தும் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். மாதம் 60,000 ரூபாய் வாடகை வரக்கூடிய கட்டடத்துக்குச் சொந்தக்காரரான ஓர் அம்மாள், மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மகனின் கல்லாவுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அவருக்கு நீங்கள் கொடுத்து உதவுவதாக எண்ணுகிறீர்கள். உண்மையில் அவர்தான் ஆண்டுக்கு 7.2 லட்சம் ரூபாயை ஓசையின்றி உங்கள் கடைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் கணக்கு தவறியதும் இந்த இடத்தில்தான் என்பதால், இரண்டையும் பிரித்துப் பேச எனக்கு மனமில்லை.

முதலில் அந்த 15 காசுக்கு வருவோம். லாப விகிதம் என்பது ஒரு ரூபாய்க்கு விற்றால் எவ்வளவு மிஞ்சும் என்பதை மட்டுமே சொல்லும். அந்த ஒரு ரூபாய் விற்பனையை உண்டாக்க எவ்வளவு பணம் எத்தனை நாள் கடைக்குள் முடங்கிக் கிடந்தது என்பதைப் பற்றி அது வாய் திறக்காது. உங்கள் தம்பி திங்கட்கிழமை இறக்கிய அரிசி மூட்டை அடுத்த வாரத்துக்குள் பிரிந்து, படியளவாகவும் கிலோவாகவும் விற்றுப் பணமாகிவிடுகிறது. அதே பணம் மறுபடி மூட்டையாக வந்து இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் அதில் ஒட்டிக்கொள்வது சில காசுகள்தான் என்றாலும், எத்தனை முறை ஒட்டுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் கடையிலோ தீபாவளிக்கு வாங்கிய பட்டுப்புடவை, கண்ணாடிப் பெட்டியிலிருந்து நடுத்தட்டுக்கும், நடுத்தட்டிலிருந்து பரணுக்கும் இடம் மாறி, ஆடித் தள்ளுபடியில் ஒரு முறை கீழே இறங்கி, விலை போகாமல் மறுபடி மேலே ஏறிவிடுகிறது. விற்கும்போது நல்ல லாபம் தரும், மறுக்கவில்லை. ஆனால் அதுவரை உங்கள் முதல் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இதைக் கணக்காகச் சொல்வதுதான் ஈடுபடுத்திய முதலின் மீதான வருவாய். வட்டிக்கும் வருமான வரிக்கும் முந்தைய லாபத்தைக் கடையில் ஈடுபடுத்திய முதலால் வகுக்க வேண்டும். கடைத்தெருவில் ரொட்டேஷன் என்று சொல்வார்களே, அந்தச் சுழற்சியை லாப விகிதத்தோடு பெருக்கினாலும் இதே விடைதான் வரும். உங்கள் 60 லட்சம் முதல் 90 லட்சம் விற்பனையைத் தருகிறது, அதாவது ஆண்டுக்கு ஒன்றரை முறை சுழல்கிறது. 15 சதவீதத்தை ஒன்றரையால் பெருக்கினால் 22.5 சதவீதம். உங்கள் தம்பியின் 20 லட்சம் ஆண்டுக்கு ஒன்பது முறை சுழல்கிறது. 5 சதவீதத்தை ஒன்பதால் பெருக்கினால் 45 சதவீதம். நீங்கள் கொடுத்த எண்களை ஒரு காசு மாற்றாமல் எடுத்துக்கொண்டாலே, முதலுக்குச் சம்பாதிப்பதில் மளிகை உங்களைப்போல் இரண்டு மடங்கு நிற்கிறது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் டொனால்ட்சன் பிரவுன் என்பவர் நூறாண்டுகளுக்கு முன்பே, லாபத்தையும் சுழற்சியையும் இப்படிப் பிரித்துப் பார்க்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நம் ஊர் மளிகைக்காரர்களுக்கு அவர் பெயர் தெரியாவிட்டாலும், சரக்கு நின்றால் கடை நின்றது என்பது நன்றாகத் தெரியும்.

முதல் என்று எதைச் சேர்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் ஒரு முறை சரிபாருங்கள். சரக்கு, அலமாரி, குளிர்சாதனம் போன்ற சாமான்கள், வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கி, வாடகைக்குக் கொடுத்த முன்பணம் ஆகியவற்றைக் கூட்டி, உங்களுக்குச் சரக்கு கொடுத்தவர்களுக்கு நீங்கள் தர வேண்டிய கடனைக் கழித்தால் வருவதே ஈடுபடுத்திய முதல். அதில் வங்கியின் பணம் இருந்தாலும் அதுவும் முதல்தான். கைக்காசை மட்டும் முதலாக எண்ணுவது பலர் செய்யும் பிழை. வங்கிப் பணமும் உள்ளே இருப்பதால்தான் லாபத்தை வட்டிக்கு முன் எடுக்கிறோம். அதை நீங்கள் சரியாகவே செய்திருக்கிறீர்கள்.

இனி உங்கள் அம்மாவின் கட்டடம். தம்பியின் 9 லட்சம், ஆண்டுக்கு 3 லட்சம் வாடகை கட்டிய பிறகு நிற்பது. உங்கள் 13.5 லட்சம் வாடகையே கட்டாமல் நிற்பது. ஒருவர் தலையில் சுமையோடும் மற்றவர் வெறுங்கையோடும் ஓடிய பந்தயத்தில் யார் வேகமானவர் என்று என்னிடம் கேட்கிறீர்கள். பக்கத்துக் கடைக்காரர் கொடுக்கும் அதே 60,000 ரூபாயை உங்கள் கணக்கில் எழுதினால் 13.5 லட்சம் 6.3 லட்சமாகிவிடும். அடுத்து உழைப்பு. கல்லாவில் உட்காரும் உங்களுக்கு மாதம் 25,000 சம்பளம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 3 லட்சம் போனால் மிச்சம் 3.3 லட்சம். தம்பிக்கு 20,000, அவர் மனைவிக்கு 12,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 3.84 லட்சம்; 9 லட்சத்தில் அது போக மிச்சம் 5.16 லட்சம். கவனியுங்கள், உங்களுக்குத்தான் அதிகச் சம்பளம் போட்டிருக்கிறேன் என்றாலும், அவர்கள் பக்கம் இரண்டு பேர் என்பதால் கழிவதும் அதிகம். அந்தப் பெண் செய்வதை நீங்கள் "உழைத்தும் இவ்வளவுதான்" என்று ஒரு வார்த்தையில் முடித்தீர்கள். வேலைக்கு ஆள் வைத்திருந்தால் அந்த வார்த்தைக்கு மாதாமாதம் கூலி கொடுத்திருப்பீர்கள்.

இப்போது விகிதங்களைப் பாருங்கள். உங்கள் லாபம் விற்பனையில் 3.7 சதவீதம், தம்பியுடையது 2.9 சதவீதம், லாப விகிதத்தில் இன்னும் நீங்கள்தான் முன்னே. ஆனால் முதலின் மீதான வருவாய் உங்களுக்கு 5.5 சதவீதம், அவருக்கு ஏறக்குறைய 26 சதவீதம். லாப விகிதம் மட்டும் பார்க்கிறவர் கடைசிவரை ஏமாந்துகொண்டே இருப்பார் என்பதற்கு உங்கள் வீட்டுக் கணக்கைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது.

வாடகை எழுத மனமில்லை, சொந்தக் கட்டடம்தானே என்று நீங்கள் வாதாடலாம். அப்படியானால் கட்டடத்தின் இன்றைய மதிப்பை முதலோடு சேர்க்க வேண்டும். ஒன்றரைக் கோடி பெறும் என்று வைத்துக்கொண்டால் முதல் 2.1 கோடி, உங்கள் சம்பளம் போன லாபம் 10.5 லட்சம், வருவாய் 5 சதவீதம். எந்த வாசல் வழியாகப் போனாலும் ஏறக்குறைய அதே அறைக்குத்தான் வந்து சேருகிறீர்கள். வாடகையையும் எழுதி மதிப்பையும் சேர்த்தால் மட்டும் இரட்டைக் கணக்காகிவிடும்; அதைச் செய்யாதீர்கள்.

உங்கள் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. ஒரே ஒரு நாளின் சரக்கை வைத்து ஜவுளிக்கடையை எடைபோடக் கூடாது. புரட்டாசியில் தீபாவளிச் சரக்கு நிரம்பி வழியும். தீபாவளி முடிந்த வாரத்தில் அலமாரி இளைத்திருக்கும். ஆகவே ஆண்டில் நான்கு நாட்களைத் தேர்ந்து, அன்றன்றைய முதலின் சராசரியை எடுங்கள். பரணில் உள்ள பழைய சரக்கை வாங்கிய விலையிலேயே எழுதிவைக்காமல், இன்று என்ன விலைக்குப் போகுமோ அந்த விலைக்குக் குறைத்து எழுதுங்கள். அந்த ஆண்டு லாபம் அடிபடும். அடுத்த ஆண்டில் கடையின் முதல் சிறுத்து, விகிதம் உயர்ந்தது போலத் தெரியும். அந்த உயர்வைப் பார்த்து வியாபாரம் தேறிவிட்டதாக எண்ணிவிடாதீர்கள்.

மளிகையை மூடினால் 20 லட்சம் அப்படியே கைக்கு வரும் என்பதும் தவறான நினைப்பு. அலமாரியும் குளிர்பதனப் பெட்டியும் பழைய சாமான் விலைக்குத்தான் போகும். கடை மூடியதும் பாக்கிக்காரர்களில் பாதிப் பேர் தெரு மாறி நடப்பார்கள். ஒரு பேச்சுக்கு முழுத் தொகையும் வந்து, உங்கள் இப்போதைய வேகத்திலேயே அது சுழல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம்: வருவது 4.5 லட்சம். சம்பளம் போக தம்பியின் கடை இன்று தருவதே 5.16 லட்சம். அதிலும் அந்த 4.5 லட்சம் வர வேண்டுமானால் 30 லட்சத்துக்குக் கூடுதலாகத் துணி விற்க வேண்டும். தட்டுகளைக் கூட்டியதாலேயே புடவை வாங்குபவர்கள் கூடிவிட மாட்டார்கள். அதற்காக உங்கள் பணத்தை எல்லாம் மளிகையில் கொட்டுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. அந்தத் தெருவில் இருக்கும் அடுப்புகள் அத்தனைதான். அங்கே மேலும் 20 லட்சம் போட்டால் அதற்கு 26 சதவீதம் வராது.

ஆகவே மளிகையில் கை வைக்காதீர்கள். வரும் 5ஆம் தேதி அம்மாவின் வங்கிக் கணக்கில் வாடகையைச் செலுத்துங்கள். முழு 60,000 முதல் மாதமே முடியாதென்றால் முடிந்ததைச் செலுத்தி, மீதியை அம்மாவுக்குத் தர வேண்டிய கடனாகப் பேரேட்டில் எழுதுங்கள். அது உங்கள் கடைக்குச் செலவு, அவருக்கு வருமானம். வரி விவரத்தை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார், பெற்றவர்கள் அப்படித்தான். பெற்றவள் வேண்டாம் என்றதையே சாக்காக வைத்து வாங்கிக்கொண்டிருப்பது மகனுக்கு அழகில்லை என்பது என் கட்சி, அதில் நான் பிடிவாதக்காரன். அந்தப் பணத்துக்கு எங்கே போவது என்றால், பரணுக்குப் போங்கள். இரண்டு தீபாவளி பார்த்த புடவைகளை இந்த ஆடியில் வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்.