கைமரம் ஏன் முகட்டில் சேரவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டின் அகலம் 6 மீட்டர், முகட்டு உயரம் 2 மீட்டர். பிதாகரஸ் தேற்றப்படி 3,606 மி.மீ., இறவாரத்துக்கு 450, ஆக 4,056 மி.மீ. என்று மாதிரிக்கு ஒரு ஜோடி கைமரம் வெட்டினேன். நடுவில் 40 மி.மீ. முகட்டுப் பலகை. தூக்கி வைத்தால் முகடு 30 மி.மீ. மேலே போகிறது, இறவாரமோ குட்டையாக இருக்கிறது. வெட்டும் கோணம் எவ்வளவு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தேற்றத்தில் பிழையில்லை. பாதி அகலம் 3, உயரம் 2, √13 = 3.606. சரிவு 33.7 பாகை. ஆனால் இந்த நீளம் சுவர்க்கட்டையின் வெளி விளிம்பிலிருந்து முகட்டின் நட்டநடு வரைக்கும். உங்கள் கைமரமோ நடுவுக்கு 20 மி.மீ. முன்பே பலகையில் முட்டி நின்றுவிடுகிறது. அந்த மிச்சத்துக்குப் போக இடமில்லாததால்தான் முகட்டை மேலே தள்ளியது.

கழிக்க வேண்டியது 20 அல்ல, 24. பலகையின் பாதித் தடிமன் கிடைமட்ட அளவு. சரிவில் வைக்கும்போது 3.606 ÷ 3 = 1.202 ஆல் பெருக்க வேண்டும். இறவாரமும் அப்படித்தான். 450-ஐச் சரிவில் அளந்ததால் சுவரை விட்டு 374 மி.மீ.தான் வெளியே வந்திருக்கும். முழு 450 வேண்டுமென்றால் 541 விட வேண்டும். ஆக 3,606 − 24 + 541 = 4,123 மி.மீ.

கோணத்துக்குப் பாகைமானி தேவையில்லை. மூலைமட்டத்தின் ஒரு கையில் 300, மற்றதில் 200 அளவுகளை மரத்தின் விளிம்பில் பொருத்துங்கள். 200 பக்கக் கை காட்டுவது முகட்டில் வெட்டும் செங்குத்துக் கோடு, 300 பக்கக் கை காட்டுவது சுவர்க்கட்டையில் உட்காரும் கிடைக்கோடு.

உட்காரும் வெட்டைத்தான் பலரும் அளவுக்கு மீறி ஆழமாக்கிவிடுகிறார்கள். மரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் இருப்பது நல்லது. உங்கள் சரிவில் 90 மி.மீ. உட்கார வைத்தால் ஆழம் 50 வரும். 150 மி.மீ. மரத்துக்கு அது சரியாக எல்லையில் நிற்கும்; 120 மி.மீ. மரமென்றால் உட்காரும் அகலத்தை 72-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: 2 மீட்டர் என்பது வெட்டின் உள்மூலையிலிருந்து போகும் கோட்டின் உயரம். 150 மி.மீ. மரத்தில் அந்தக் கோட்டுக்கு மேலே செங்குத்தாக இன்னும் 120 மி.மீ. மரம் இருக்கிறது. முகட்டுப் பலகையின் மேல்விளிம்பை 2 மீட்டரில் நிறுத்திவிட்டால் கூரை தாழ்ந்துபோகும். அது நிற்க வேண்டிய உயரம் சுமார் 2,107 மி.மீ.; பலகை முகம் நடுவை விட்டு 20 தள்ளியிருப்பதால் 13 குறைகிறது.

புதிய ஜோடியைத் தூக்கி வைத்ததும் பலகையோடு சேரும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். மேலே மெல்லிய இடுக்கு தெரிந்தால் மரம் நீளம். கீழே தெரிந்தால் குட்டை. இடுக்கே இல்லையென்றால் அந்த ஒரு மரத்தையே மாதிரியாக வைத்து மற்ற எல்லாவற்றையும் குறியுங்கள். வெட்டிய மரத்தை வைத்து அடுத்ததை, அதை வைத்து அதற்கடுத்ததைக் குறித்தால், பென்சில் கோட்டின் தடிமனே கடைசி மரத்தில் ஒரு சென்டிமீட்டராகிவிடும்.