ஓப்-ஆம்ப் அவுட்புட் நோடில் கே.சி.எல். எழுதினால் என்ன ஆகும்?

*கேள்வி: இன்புட் 0.5 வோல்ட். இன்புட்டிலிருந்து ஓப்-ஆம்பின் மைனஸ் காலுக்கு 10 கிலோ ஓம். மைனஸ் காலிலிருந்து நடு நோடுக்கு 10 கிலோ, நடு நோடிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ, நடு நோடிலிருந்து அவுட்புட்டுக்கு 10 கிலோ. பிளஸ் கால் கிரவுண்டில். மூன்று நோடுக்கும் கே.சி.எல். எழுதினால் அவுட்புட் 0.024 வோல்ட் வருகிறது. புத்தகத்தில் −6 வோல்ட். எங்கே தப்பு?*

நீங்கள் போட்ட கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அது ஓப்-ஆம்ப் இல்லாத சர்க்யூட்டின் விடை.

திருப்பாதிரிப்புலியூரில் மாலை நேரத்தில் டிப்ளமோ பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். பாகூரிலிருந்து வரும் ஒரு பையன் போன மாதம் இதே எண்ணோடு வந்து நின்றான். நான் எதுவும் சொல்லாமல், பிரெட்போர்டில் இந்தச் சர்க்யூட்டைப் போட வைத்து, 741-ஐ மட்டும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கச் சொன்னேன். மல்டிமீட்டர் 24 மில்லிவோல்ட்டை ஒட்டிக் காட்டியது. "சார், என் விடைதான் வருது!" என்றான். ஐசி மேசை மேல் கிடந்தது.

காரணம் இதுதான். அவுட்புட் நோடில் நீங்கள் கணக்கில் எடுத்தது 10 கிலோ ரெசிஸ்டரின் கரண்ட்டை மட்டும். ஓப்-ஆம்பின் அவுட்புட் காலும் அதே நோடில்தான் நிற்கிறது. அதன் வழியாகவும் கரண்ட் போகும், வரும். அந்தக் கரண்ட் பவர் சப்ளை கால்கள் வழியே சுற்றி வருகிறது. புத்தகப் படத்தில் அந்தக் கால்களை வரையவே மாட்டார்கள், அதனால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இன்புட் கால்கள் கரண்ட் இழுக்காது என்ற விதியை அவுட்புட் காலுக்கும் சேர்த்து நம்பிவிடுகிறோம்.

சரி, இப்போது முறையாக எழுதலாம். மைனஸ் கால் A, நடு நோடு B, அவுட்புட் Vo. தெரியாதவை மூன்று, ஆகவே மூன்று சமன்பாடு வேண்டும். A, B இரண்டிலும் கே.சி.எல். எழுதுங்கள். Vo நோடில் எழுதாதீர்கள். அங்கே விட்டுப்போன சமன்பாட்டுக்குப் பதிலாக, இரண்டு இன்புட் கால்களின் வோல்டேஜும் சமம் என்பதை வையுங்கள். ரெசிஸ்டர்களைக் கிலோ ஓமிலேயே விட்டால் கரண்ட் மில்லி ஆம்பியரில் வரும்.

```
A:  (VA - 0.5)/10 + (VA - VB)/10 = 0
B:  (VB - VA)/10 + VB/1 + (VB - Vo)/10 = 0
ஓப்-ஆம்ப்:  VA = 0
```

VA = 0 என்று முதல் வரியில் போட்டால் VB = −0.5. இரண்டாவது வரியை 10-ஆல் பெருக்கினால் 12 VB = Vo. ஆக Vo = −6 வோல்ட்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. VA பூஜ்யம் என்றதும் A-யைக் கிரவுண்டாகவே நினைத்து, அங்கே கே.சி.எல். எழுதாமல் விட்டுவிடுவார்கள். A-யின் வோல்டேஜ் பூஜ்யமே தவிர, அது கிரவுண்டோடு இணைக்கப்படவில்லை. அங்கிருந்து கிரவுண்டுக்குக் கரண்ட் இறங்க வழியே கிடையாது. இன்புட்டிலிருந்து வரும் 0.05 மில்லி ஆம்பியர் முழுவதும் B-க்குத்தான் போயாக வேண்டும்.

அவுட்புட் நோடின் கே.சி.எல். வீண் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, ஓப்-ஆம்பின் கரண்ட்டைக் கண்டுபிடிக்க அது வேண்டும். A-யிலிருந்து 0.05, கிரவுண்டிலிருந்து 1 கிலோ வழியே 0.5, ஆக 0.55 மில்லி ஆம்பியர் B-யைத் தாண்டி ஓப்-ஆம்பின் அவுட்புட் காலுக்குள் போகிறது. மறுபக்கம் (−0.5 + 6)/10 என்று போட்டாலும் 0.55. இரண்டும் ஒத்துவந்தால் விடை சரி. இரண்டு மூன்று ஓப்-ஆம்ப் இருந்தாலும் இதே கணக்குதான்: ஒவ்வொன்றுக்கும் ஒரு அவுட்புட் கே.சி.எல். போகும், ஒரு 'கால்கள் சமம்' வரும்.

அப்புறம், இந்தச் சமன்பாடுகளுக்கு எது பிளஸ் கால், எது மைனஸ் கால் என்று தெரியாது. இரண்டையும் மாற்றிப் போட்டாலும் தாளில் அதே −6 வரும், போர்டில் அவுட்புட் ஒரு கோடியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஃபீட்பேக் மைனஸ் காலுக்கு வருகிறதா என்று முதலில் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இன்புட்டை 1.5 வோல்ட் ஆக்கினாலும் இதே கதை. கணக்கு −18 சொல்லும், ±15 சப்ளையில் அது நடக்காது. அவுட்புட் −13-இல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது VA = 0 என்பதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் Vo = −13 என்று எழுத வேண்டும். A, B சமன்பாடுகள் அப்படியே இருக்கும் (0.5-க்குப் பதில் 1.5). தீர்த்தால் VA சுமார் 0.22 வோல்ட். போர்டில் 741-இன் 2-ஆம் காலில் மீட்டரை வைத்துப் பாருங்கள். அங்கே பூஜ்யத்தை ஒட்டி இல்லையென்றால், 'கால்கள் சமம்' என்ற வரியை அந்தச் சர்க்யூட்டுக்கு எழுதக் கூடாது.