டைபாய்டு: காய்ச்சல் நின்றாலும் குடல் இன்னும் ஆறவில்லை

"என் மகனுக்கு 19 வயது, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். காய்ச்சல் வந்த எட்டாம் நாள் விடால் பாசிட்டிவ், டைபாய்டு என்று செஃபிக்ஸிம் மாத்திரை 14 நாளைக்கு எழுதினார்கள். ஐந்து நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்கிறான். இன்னொரு விடால் எடுத்து நெகட்டிவ் வந்தால் நிறுத்திவிடலாம் என்கிறார் லேப்காரர். செய்யலாமா?"

வேண்டாம். 14 நாளையும் முடிக்கச் சொல்லுங்கள், விடாலுக்கும் இனிமேல் காசு கொடுக்காதீர்கள்.

டைபாய்டு கிருமி தண்ணீரிலோ சாப்பாட்டிலோ உள்ளே போய், ரத்தம் வழியாகக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, பித்தப்பை என்று பரவி, மறுபடி சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கே வந்து அங்கே புண்ணாக்குகிறது. மருந்தே கொடுக்காவிட்டால் முதல் வாரம் காய்ச்சல் நாளுக்கு நாள் ஏறும், தலைவலி இருக்கும், பலருக்கு மலச்சிக்கலும் சேரும். இரண்டாம் வாரம் 103, 104 டிகிரியிலேயே நிற்கும், வயிறு உப்பும், ஆள் துவண்டுவிடுவார். நாங்கள் பயப்படுவது மூன்றாவது வாரத்துக்குத்தான், ஏனென்றால் அப்போதுதான் அந்தப் புண்கள் ஆழமாகி ரத்தம் கசியலாம், சிலருக்குக் குடலில் ஓட்டையே விழலாம். உங்கள் மகனுக்கு எட்டாம் நாள் மருந்து தொடங்கியது, இப்போது சுமார் பதின்மூன்றாம் நாள், அதாவது அந்த மூன்றாவது வாரத்தின் வாசலில் நிற்கிறான். மருந்து காய்ச்சலை இறக்கிவிட்டது, சரி, ஆனால் புண் ஆற இன்னும் நாளாகும், செல்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியும் முழுசாகச் சாகவில்லை. இப்போது நிறுத்தினால் இரண்டு மூன்று வாரம் கழித்து அதே காய்ச்சல் திரும்பி வரும் வாய்ப்பு கூடுகிறது.

அடுத்து விடால். அது கிருமியைக் காட்டும் டெஸ்ட் இல்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை அளக்கும் டெஸ்ட். அந்தப் பொருள் நோய் குணமான பிறகும் மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கலாம். அதனால் திரும்ப எடுத்தால் பாசிட்டிவாக வரவே வாய்ப்பு அதிகம், உடனே "இன்னும் போகவில்லை" என்று இன்னொரு சுற்று ஊசி, குளுக்கோஸ் என்று குடும்பத்தின் பணத்தைக் கரைப்பார்கள். நெகட்டிவ் வந்தாலும் நோய் தீர்ந்தது என்று அர்த்தம் இல்லை. முன்பு வந்த டைபாய்டு, போட்ட தடுப்பூசி, சில வேறு காய்ச்சல்கள்கூட இதைப் பாசிட்டிவ் ஆக்கும். ஒரே ஒரு விடால் சீட்டை வைத்து நோயை முடிவு செய்வது தப்பு. இத்தனை வருஷமாகச் சொல்லியும் லேப்கள் காய்ச்சல் பேக்கேஜில் அதைத்தான் முதலில் வைக்கின்றன, எழுதிக் கொடுக்கும் டாக்டர்களும் விடவில்லை.

உறுதி செய்ய எடுக்க வேண்டியது பிளட் கல்ச்சர், அதுவும் முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போவதற்கு முன்னால். பெரியவர்களுக்குச் சுமார் 10 மில்லி ரத்தம் வேண்டும், முடிவு வர இரண்டு மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள்கூட ஆகும். டைபாய்டு உள்ளவர்களில்கூட ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கிருமி வளரும், ஆனால் வளர்ந்துவிட்டால் எந்த மருந்து கேட்கும் என்பதையும் அது சொல்லிவிடும். நம் நாட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் பெரும்பாலும் கேட்பதில்லை, மருந்துக்கடையில் இன்னும் அதை இரண்டு நாளைக்குக் கிள்ளிக் கொடுக்கிறார்கள். அந்த இரண்டு நாள் மாத்திரை நோயையும் தீர்க்காது, பிறகு எடுக்கும் கல்ச்சரையும் கெடுத்துவிடும். நீங்கள் எழுதியதில் கல்ச்சர் என்ற பேச்சே இல்லை. எட்டு நாள் காய்ச்சலுக்கு அதை எடுக்காமல் விட்டது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

"பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏழே நாள்தானே கொடுத்தார்கள்" என்று யாராவது சொல்வார்கள். அது அஸித்ரோமைசினாக இருக்கும். அந்த மருந்து செல்களுக்குள்ளேயே புகுந்து, கடைசி மாத்திரைக்குப் பிறகும் சில நாள் அங்கே தங்கி வேலை செய்கிறது, கிருமி ஒளிந்திருப்பதும் அங்கேதான், அதனால் 7 நாள் போதுமாகிறது. செஃபிக்ஸிம் அப்படித் தங்காது. ஆகவே அஸித்ரோமைசினுக்கு 7 என்றால் அது அஸித்ரோமைசினுக்கு மட்டும், அந்தக் கணக்கை உங்கள் மகனின் மாத்திரையில் போடாதீர்கள். மருந்தை மாற்ற வேண்டுமானால் டாக்டர் மாற்றட்டும், நாள் கணக்கையும் அவரே சொல்லட்டும்.

வயிற்றுப் புரட்டலுக்கு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். போட்டதும் வாந்தி வந்துவிடுகிறது, இல்லை உடம்பில் தடிப்பு வருகிறது என்றால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். திடீரென்று கடும் வயிற்றுவலி, வயிறு பலகை போல் இறுகுவது, தார் போலக் கறுப்பாகவோ ரத்தமாகவோ மலம், பிதற்றல், இதில் எது வந்தாலும் கிளினிக்குக்குப் போகாதீர்கள், அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள், ராத்திரியானாலும் சரி. மாத்திரை முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் திரும்பினால், வேறு எந்த மாத்திரையும் போடுவதற்கு முன்னால் பிளட் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், விடால் சீட்டை நீட்டினால் வாங்காதீர்கள்.