அப்பாவின் தலை எந்த உயரத்தில் நிற்க வேண்டும்?

கேள்வி: திருவொற்றியூர் கடற்கரையில் எடுத்த குடும்பப் படத்தில், காலமான அப்பாவும் நிற்பதுபோல் சேர்த்துத் தரச் சொன்னோம். ஸ்டுடியோ தந்த படத்தில் அப்பா ராட்சதர் மாதிரி இருக்கிறார். கேட்டால் "பார்க்கப் பார்க்கப் பழகிடும்" என்கிறார்கள். அண்ணன் 5 அடி 7 அங்குலம், அப்பா 5 அடி 4. அவர் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று நாங்களே கண்டுபிடிக்க முடியுமா? 8×12 பிரிண்டை இத்துடன் அனுப்பியுள்ளேன்.
– தண்டையார்பேட்டை வாசகி

பதில்: முடியும் அம்மா. ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் போதும். உங்கள் படத்தில் கடல் தெரிவது பெரிய அதிர்ஷ்டம். கடலும் வானமும் சேரும் கோடுதான் அடிவானம். படம் எடுத்தவரின் கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்ததோ, அந்த மட்டத்தில்தான் அந்தக் கோடு படத்தில் விழும்.

மழை வெள்ளம் கேமரா லென்ஸ் வரைக்கும் ஏறி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சமமான தரையில் கிட்டே நிற்பவருக்கும் தள்ளி நிற்பவருக்கும் தண்ணீர் ஒரே உயரத்துக்குத்தான் வரும். படத்தில் அந்தத் தண்ணீர் மட்டம் தெரியும் இடம்தான் அடிவானக் கோடு. தள்ளிப் போகப் போக ஆள் சின்னதாகத் தெரிவார், ஆனால் கோடு அவர் உடம்பில் வெட்டும் இடம் மாறாது.

இனி உங்கள் பிரிண்ட். அண்ணனின் செருப்பு மணலைத் தொடும் இடத்திலிருந்து உச்சந்தலை வரை 136 மி.மீ. அதே இடத்திலிருந்து அடிவானம் வரை 120 மி.மீ. அவர் 5 அடி 7, அதாவது 170 செ.மீ. 136 மி.மீ. என்பது 170 செ.மீ. என்றால், 120 மி.மீ. என்பது 150 செ.மீ. ஆக, கேமரா தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருந்திருக்கிறது. படம் எடுத்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டியதே இல்லை.

அப்பாவை அண்ணனுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இடம் நல்ல இடம்தான். அவர் கால் படும் இடத்திலிருந்து அடிவானம் 100 மி.மீ. அந்த இடத்தில் 100 மி.மீ. என்பதுதான் 150 செ.மீ. அப்பா 162 செ.மீ., எனவே அவர் 108 மி.மீ. இருக்க வேண்டும். ஸ்டுடியோக்காரர் வைத்திருப்பது 136 மி.மீ. அண்ணனை எவ்வளவு பெரிதாக வைத்தாரோ, அதே அளவில் அப்பாவையும் வெட்டி ஒட்டி, பின்னால் தள்ளிவிட்டார். கணக்குப்படி அவர் 204 செ.மீ., கிட்டத்தட்ட 6 அடி 8 அங்குலம். உங்கள் கண் பொய் சொல்லவில்லை, பழகவும் பழகாது.

அளக்கும்போது கோட்டைச் சரியாகப் பிடியுங்கள். திருவொற்றியூர்ப் பக்கம் கரையோரம் நெடுக அரிப்புத் தடுக்கக் கொட்டிய பாறைகள் இருக்கின்றன. பாறைகளின் மேல் விளிம்பு அடிவானம் அல்ல. அலை உடையும் வெள்ளைக் கோடும் அல்ல, தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பலின் மேல்தளமும் அல்ல. கடல் முடிந்து வானம் தொடங்கும் இடம் மட்டும்தான். கோடு சாய்ந்திருந்தால் முதலில் படத்தைத் திருப்பி நேராக்கச் சொல்லுங்கள், அப்புறம் அளங்கள்.

இன்னொரு பேச்சும் உங்கள் காதில் விழும்: "எல்லார் தலையும் அடிவானத்தில் இருக்கணும்." இதைச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேமரா அவர்கள் தலை உயரத்தில் இருந்தால்தான் அது சரி. ஒரு சின்னப் பெண் போனைப் பிடித்து எடுத்தால் கோடு பெரியவர்களின் நெஞ்சிலோ இடுப்பிலோ வெட்டும், தலைகள் எல்லாம் வானத்தில்தான் இருக்கும். மாதக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் எடிட்டிங் வகுப்புகளில், ஆளை எப்படி வெட்டுவது, ஓரத்தை எப்படி மழுப்புவது என்று பட்டன் பட்டனாகச் சொல்லித் தருகிறார்கள். அடிவானத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க மனசு வருவதில்லை. அங்கே படித்து வரும் பையனைக் குறை சொல்லி என்ன பயன்?

இந்தக் கணக்கு தரை சமமாக இருந்தால்தான் நேராக வரும். இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் "அப்பாவைப் பாறை மேல் நிறுத்துங்க, கெத்தா இருக்கும்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். பாறை 40 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் மட்டம் அதே இடத்தில்தான் இருக்கும். ஆனால் அவர் 40 செ.மீ. மேலே ஏறிவிட்டதால் அவர் உடம்பில் 110 செ.மீ. வரைக்கும்தான் வரும். அவர் பாதத்திலிருந்து அடிவானம் 80 மி.மீ. என்றால், அந்த 80 மி.மீ. 110 செ.மீ.க்குச் சமம், 150க்கு அல்ல. அப்பாவின் உயரம் சுமார் 118 மி.மீ. வரும். பாறையை மறந்து பழைய கணக்கையே போட்டால் 86 மி.மீ. வரும். அங்கே ராட்சதர், இங்கே ஆரம்பப் பள்ளிப் பையன். மணல் கடலை நோக்கிச் சரிந்தாலும் இதேதான், திசை மட்டும் மாறும். அவர் நிற்கும் இடம் 20 செ.மீ. பள்ளம் என்றால் 150க்குப் பதில் 170 போடுங்கள். பாறை எவ்வளவு உயரம் என்று தெரியவில்லையா? அதே பாறையில் நிற்கும் ஒருவரின் உயரம் தெரிந்தால் அவரையே அளவுகோலாக வையுங்கள். அதுவும் இல்லையென்றால் பாறை ஆசையை விட்டுவிட்டு மணலில் நிறுத்துங்கள்.

அளவு சரியாக வந்தும் ஒட்டாமல் போவது உண்டு. அதற்குக் காரணம் அப்பாவின் மூலப் படம். கல்யாண மேடையில் அவர் நிற்க, கீழே நின்று எடுத்த படமாக இருந்தால் கேமரா அவர் இடுப்பு மட்டத்தில் இருந்திருக்கும். தாடைக்கு அடிப்பக்கம் தெரியும், பாதங்களின் மேற்புறம் அவ்வளவாகத் தெரியாது. கடற்கரைப் படத்திலோ கேமரா அவர் முக மட்டத்தை ஒட்டி, 150 செ.மீ.யில் இருக்கிறது. எனவே கண் மட்டத்தில் கேமரா பிடித்து எடுத்த, கால் வரைக்கும் தெரியும் படமாகத் தேடிக் கொடுங்கள்.

அப்படிப் படம் இல்லையென்றால் ஆர்டர் பிடிக்கும் ஏஜென்ட்களுக்குக் கொண்டாட்டம். அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையை எடுத்து, யாரோ ஒருவரின் சஃபாரி சூட் உடம்பில் வைத்து, "கால் நாங்க போட்டுக்கிறோம்" என்பார்கள். வேலையைச் செய்பவர் வேறு எங்கோ இருப்பார், உங்களைப் பார்த்தே இருக்க மாட்டார். ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர் ஒருமுறையாவது "அப்பா எத்தனை அடி?" என்று கேட்டாரா? கேட்காதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். கடன் உடம்புக்குப் பதில், முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னே இடுப்பு வரை தெரியும்படி அப்பாவை நிறுத்தலாம். அப்போதும் அவர் கால் எங்கே படும் என்று பென்சிலால் குறித்துவிட்டுத்தான் உயரம் கணக்கிட வேண்டும்.

ஸ்டுடியோவுக்குப் போகும்போது பிரிண்டின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள்: கால் இங்கே, உச்சந்தலை அதற்கு மேல் 108 மி.மீ. திருத்திய படத்தை அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மில்லிமீட்டர் மாறிப்போகும், விகிதம் மாறாது. திரையில் ஸ்கேலை வைத்து அப்பாவின் உயரத்தை அளந்து, அவர் காலிலிருந்து அடிவானம் வரையுள்ள தூரத்தால் வகுங்கள். மணலில் நிற்கும் அப்பாவுக்கு 1.08 வர வேண்டும். 1.1ஐத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள்.