அங்கோர் குழுவின் பணக் கேள்விகள்

அடுத்த மாதம் என்னுடன் கம்போடியா வருகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

ரூபாயாகவே கொண்டுவந்து அங்கோர் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் மாற்றலாமா?

வேண்டாம். ரூபாயை வாங்கும் கடையைத் தேடி அலைய நேரிடும். கிடைத்தாலும் அடிமாட்டு விலைதான். ஊரிலேயே அமெரிக்க டாலராக மாற்றிக்கொள்ளுங்கள்.

கம்போடிய ரியல் எவ்வளவு எடுத்துவர வேண்டும்?

ஒன்றும் வேண்டாம், அது தானாக உங்கள் பைக்கு வந்துவிடும். அங்கே டாலரும் ரியலும் சேர்ந்தே புழங்குகின்றன. ஒரு டாலர் என்றால் சுமார் 4000 ரியல். ஒன்றரை டாலர் இளநீருக்கு 5 டாலர் கொடுத்தால் மீதி 3 டாலரும் 2000 ரியலுமாக வரும். டாலர் காசு புழக்கத்தில் இல்லாததால் சில்லறை எல்லாம் ரியல்தான்.

நோட்டு லேசாகக் கிழிந்திருந்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நினைத்து வருகிறவர்களால்தான் ஒவ்வொரு பயணத்திலும் எனக்கு அரை நாள் போகிறது. போன முறை ஓர் அம்மாவின் 100 டாலர் நோட்டில், ஓரத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு கிழிசல். ஓட்டலில் வாங்கவில்லை, துணிக்கடையிலும் வாங்கவில்லை. கடைசியில் பழைய சந்தைப் பக்கம் ஒரு மாற்றுக்கடையில் 90 டாலர்தான் தந்தார்கள். கடைக்காரர் கெட்டவர் இல்லை. அந்த நோட்டு அவர் கையிலிருந்தும் எளிதில் நகராது.

ஆகவே ஊரில் டாலர் வாங்கும்போது கவுன்டரை விட்டு நகராமல் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிழிசல், முத்திரை மை, பேனாக் கிறுக்கல், மடிப்பில் நைந்த இடம் எது இருந்தாலும் மாற்றிக் கேளுங்கள். 100 டாலரில் நீலப் பட்டை இருக்க வேண்டும்; 2013க்கு முன் வெளியான, பட்டை இல்லாத பழைய நோட்டுகளைப் பார்த்ததுமே பலர் கையை ஆட்டி மறுப்பார்கள். பர்ஸில் மடித்து வைக்காதீர்கள், உறையில் தட்டையாக வையுங்கள்.

டாலரை நம் ஊர் விமான நிலையத்தில் வாங்கலாமா?

குழுத் தாளிலேயே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து படியுங்கள். அங்கே விலை கூடுதல், சிறு நோட்டும் சரியாகக் கிடைக்காது. உரிமம் பெற்ற மாற்றுநிலையத்திலோ வங்கியிலோ நான்கைந்து நாள் முன்பே சொல்லிவையுங்கள். பாஸ்போர்ட்டும் பான் அட்டையும் கேட்பார்கள். 1, 5, 10 டாலர் நோட்டுகளாக ஒரு 100 டாலராவது இருக்கட்டும்; டுக்-டுக் ஓட்டுநரிடம் 100 டாலர் நோட்டை நீட்டினால் அவர் என்ன செய்வார்?

ஏடிஎம் போதாதா?

அவசரத்துக்கு மட்டும். ஒவ்வொரு முறையும் நாலைந்து டாலர் கட்டணம், நம் வங்கியும் தனியாகப் பிடிக்கும்.

ஒருவருக்கு எவ்வளவு போதும்?

விசாவுக்கு 30, மூன்று நாள் அங்கோர் அனுமதிச் சீட்டுக்கு 60 சொச்சம். சாப்பாடும் வண்டியும் நாளுக்கு 25 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்ச ரியலை இங்கே மாற்றலாமா?

யாரும் வாங்க மாட்டார்கள். கிளம்பும் அன்று காலையில் இளநீராகக் குடித்துத் தீர்த்துவிடுங்கள்.